தாத்தாவோட டிக் மார்க்கும் ஸ்கேனர் தின்ன கணக்கும்

போன பதிவுல ஜிஎஸ்டி பத்தி எழுதி எல்லாரையும் தூங்க வெச்சேன். அதனால இந்த தடவை கணக்குப் பாடம் கிடையாது. ஆனா ஒரு கணக்கு நோட்டு உண்டு. பயந்து ஓடாதீங்க, மேட்டர் வேற :-)

எங்க தாத்தா முடிச்சூர் பக்கம் மளிகைக் கடை வெச்சிருந்தார். கம்ப்யூட்டர் பில்லெல்லாம் கிடையாது. நீள சைஸ் நோட்டு, நீல மை பேனா, காதுல ஒரு பென்சில். கடன் வாங்கினவங்க பேரும் தொகையும் பேனாவுல எழுதுவார். பணம் வந்ததும் அந்த வரிக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு டிக். அவ்வளவுதான் அவரோட அக்கவுண்டிங் சிஸ்டம். பேனா போட்டது பற்று, பென்சில் போட்டது வரவு. நாங்க மூணு வருஷம் ஃபீஸ் கட்டிப் படிக்கிறதை அவர் ஒரே வரியில முடிச்சுட்டார்.

2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கா? முடிச்சூர், வரதராஜபுரம், மேற்கு தாம்பரம் எல்லாம் அடையாத்துத் தண்ணியில நின்னுச்சே, அப்போ கடைக்குள்ளயும் தண்ணி வந்துடுச்சு. அரிசி மூட்டையோட சேர்ந்து நோட்டுகளும் நனைஞ்சது. வெயில்ல காய வெச்சு எடுத்தா ரெண்டு நோட்டு மிச்சம். தாள் எல்லாம் பழுப்பேறி, தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சோ அங்க டீ கறை மாதிரி ஒரு கோடு. அந்த ரெண்டு நோட்டையும்தான் நான் போன வருஷம் காலேஜ் புராஜெக்ட்டுக்காக, 'சிறு கடைகளில் கடன் விற்பனை'ன்னு பெரிய மனுஷத்தனமா ஒரு தலைப்பு குடுத்துட்டு, கையில எடுத்தேன்.

போன்ல ஒரு ஸ்கேன் செயலி. அதுல 'கருப்பு வெள்ளை'ன்னு ஒரு பட்டன். அமுக்கினா மாயம் மாதிரி கறை போச்சு, பழுப்பு போச்சு, என் கை நிழல் போச்சு. வெள்ளை வெளேர்னு தாள், கன்னங்கரேல்னு எழுத்து. ஒரே ராத்திரியில முதல் நோட்டு முடிஞ்சது. அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டை சுத்தம் பண்றப்போ, "ஸ்கேன் பண்ணிட்டேன்மா, போட்டுடு"ன்னு பெருந்தன்மையா சொன்னேன். நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போயிடுச்சு.

பத்து நாள் கழிச்சு எக்ஸெல்ல ஏத்த உட்கார்ந்தா, ஒரு டிக் கூட இல்லை. நீல மை வரிகள் அத்தனையும் இருக்கு, பென்சில் மட்டும் காணோம். அந்த நோட்டுப்படி பார்த்தா எங்க தெருவே தாத்தாவுக்குக் கடன்காரங்க. பணம் கட்டி முடிச்சவங்க, கட்டாதவங்க எல்லாரும் ஒரே வரிசையில நிக்கிறாங்க. தாத்தா இப்ப இல்லை, கேட்கவும் முடியாது. அதுல ஒருத்தர் இன்னிக்கும் என்னைப் பார்த்தா "என்ன தம்பி, பரீட்சை எப்படி எழுதின?"ன்னு கேட்கிறார். அவர் கடன் வெச்சாரா இல்லையான்னு சொல்ல எங்க வீட்டுல இனிமே எந்த ஆதாரமும் இல்லை. அதை அழிச்சது வெள்ளம் இல்லை, நான்.

அன்னிக்கு வந்த கோவத்துல கத்துக்கிட்டதுதான் இந்தப் பதிவு. ஒரே வரியில என் கருத்து இதுதான்: தாளை வெளுக்குறது வேற, சுத்தம் பண்றது வேற. அந்த கருப்பு வெள்ளை பட்டன் பண்றது முதலாவது. நமக்கு வேணும்கிறது ரெண்டாவது.

பட்டன் என்ன பண்ணுது?

படத்துல ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வெளிச்ச எண் இருக்கு. 0ன்னா முழுக் கருப்பு, 255ன்னா முழு வெள்ளை. கருப்பு வெள்ளை ஆக்குறதுன்னா ஒரு எல்லை எண்ணை வெச்சுக்கிட்டு, அதுக்கு மேல இருக்கிறதெல்லாம் வெள்ளை, கீழ இருக்கிறதெல்லாம் கருப்புன்னு தீர்ப்பு சொல்றது. நடுவுல எதுவும் கிடையாது. அந்த எல்லையைப் படத்தைப் பார்த்துத் தானா கண்டுபிடிக்க ஒட்சுன்னு ஒரு ஜப்பான்காரர் 1979ல ஒரு வழி சொன்னார். இன்னிக்கும் பாடப்புத்தகத்துல முதல்ல வர்றது அதுதான். வெளிச்சம் சமமா விழுந்த தாளுக்கு அது அருமை.

நிழல் விழுந்தா கதை வேற. என் ரெண்டாவது நோட்டுல ஒரு பக்கத்தை எடுத்துக்குவோம். டியூப் லைட் இடது பக்கம். அங்க தாள் 230, பேனா எழுத்து 100. வலது பக்கம் என் கை நிழல். அங்க தாளே 95, எழுத்து 41. இப்ப எல்லையை எங்க வைப்பீங்க? இடது பக்க எழுத்து கருப்பா வரணும்னா எல்லை 100க்கு மேல இருக்கணும். வலது பக்கத் தாள் வெள்ளையா வரணும்னா 95க்குக் கீழ இருக்கணும். ரெண்டும் சேர்ந்து நடக்கவே நடக்காது. எந்த எண்ணை வெச்சாலும் ஒண்ணு இடது எழுத்து காணாமப் போகும், இல்லேன்னா வலது மூலை தார் ஊத்தின மாதிரி ஆகும்.

நல்ல செயலிகள் பக்கம் முழுக்க ஒரே எல்லையை வைக்காம, அந்தந்த இடத்துக்கு ஒரு எல்லை வெச்சு இதை சமாளிக்குது. நிழல் பிரச்சனை தீர்ந்துடும். ஆனா தீர்ப்பு இன்னும் ரெண்டே ரெண்டுதான், கருப்பு இல்லேன்னா வெள்ளை. பென்சில் மாதிரி நடுவுல இருக்கிறவங்க எல்லாரும் வெள்ளைப் பக்கம் தள்ளப்படுறாங்க. என் டிக் மார்க் செத்தது இங்கதான்.

கழிக்காதீங்க, வகுங்க

அப்போ என்னதான் வழி? நிழல்ங்கிறது என்னன்னு யோசிச்சாலே பாதி வேலை முடிஞ்சது. தாள்ல விழுற வெளிச்சம் பாதியானா தாளோட எண்ணும் குறையும், அதே விகிதத்துல எழுத்தோட எண்ணும் குறையும். மேல இருக்கிற எண்களையே பாருங்க. இடது பக்கம் 100ஐ 230ஆல வகுத்தா சுமார் 0.43. வலது பக்கம் 41ஐ 95ஆல வகுத்தாலும் 0.43. நிழல் எல்லா எண்ணையும் மாத்திடுச்சு, ஆனா எழுத்துக்கும் தாளுக்கும் உள்ள விகிதத்தைத் தொடவே இல்லை.

அதனால ஒவ்வொரு புள்ளியையும் அந்த இடத்துத் தாளோட எண்ணால வகுத்து 255ஆல பெருக்கினா போதும். இடது எழுத்து 111, வலது எழுத்து 110. ரெண்டு பக்கத் தாளும் 255. நிழல், பழுப்பு எல்லாம் ஒரே வகுத்தல்ல காலி. சிலர் கழிக்கச் சொல்லுவாங்க. கழிச்சா இடது பக்க வித்தியாசம் 130, வலது பக்கம் 54. நிழல்ல இருந்த எழுத்து மங்கலாவே நிக்கும். காமர்ஸ்காரங்களுக்கு இதை சொல்லியா தரணும்? ரெண்டு கடையோட லாபத்தை ஒப்பிடணும்னா ரூபாயை வெச்சுப் பார்க்க மாட்டோம், விற்பனைக்கு எவ்வளவு சதவீதம்னுதான் பார்ப்போம். அதே லாஜிக்.

பென்சில் என்ன ஆச்சு? என் நோட்டுல பென்சில் அதுக்குப் பக்கத்துத் தாளோட எண்ணுல சுமார் 80 சதவீதம் இருந்தது. வகுத்த பிறகு அது 204. தாள் 255, பேனா 110, பென்சில் 204. மூணும் தனித்தனியா, மூணும் உயிரோட. 128ல எல்லை போட்டிருந்தா பென்சிலும் தாளும் ஒண்ணாயிருக்கும்.

சரி, எழுத்தே இல்லாத வெறும் தாளோட எண்ணுக்கு எங்க போறது? அதைப் படத்துல இருந்தேதான் ஊகிக்கணும். எழுத்துக்கோடு மெல்லிசு, நிழல் அகலம். ஒவ்வொரு புள்ளிக்கும் அக்கம்பக்கத்துல இருக்கிறதுலேயே அதிக வெளிச்சமான எண்ணை எடுத்துக்கிட்டா எழுத்து மறைஞ்சு தாள் மட்டும் நிக்கும். அதைக் கொஞ்சம் மழுப்பிட்டா வெறும் தாளோட படம் ரெடி.

பைத்தான் தெரிஞ்ச நண்பர்களுக்கு (எனக்கு ஒரு ஈசிஈ நண்பன் உட்கார்ந்து சொல்லிக் குடுத்தான், டீ செலவு என்னுது):

```
import cv2
import numpy as np

img = cv2.imread("page.jpg")
red = cv2.split(img)[2]
bg = cv2.dilate(red, np.ones((15, 15), np.uint8))
bg = cv2.medianBlur(bg, 51)
out = cv2.divide(red, bg, scale=255)
cv2.imwrite("page_clean.png", out)
```

இதெல்லாம் வேண்டாம்னா GIMP இலவசம்தான். படத்தைத் திறந்து Duplicate Layer குடுங்க. மேல இருக்கிற லேயருக்கு Gaussian Blur, அளவு 40 வாக்குல. அப்புறம் அந்த லேயரோட Mode-ஐ Divide ஆக்குங்க. கிட்டத்தட்ட அதே வேலைதான்.

15ம் 51ம் எங்க இருந்து வந்துச்சு?

இதை மட்டும் யோசிக்காம காப்பி அடிச்சா மாட்டுவீங்க. என் போன் படம் 4000 புள்ளி உயரம், நோட்டுத் தாள் 33 செ.மீ. உயரம். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 12 புள்ளி. பேனாக்கோடு அரை மில்லிமீட்டர்னா 6 புள்ளி. 15 அதை விட தாராளமா பெருசு, அதனால எழுத்து மறையுது. உங்க படத்தோட அளவு பாதின்னா இந்த எண்களையும் பாதியாக்குங்க, ஒற்றைப்படையா மட்டும் இருக்கட்டும்.

எண் ரொம்ப சின்னதா இருந்தா என்ன ஆகும்? தடிமனான எழுத்துக்கு நடுவுல இருக்கிற மையையே தாள்னு நினைச்சு வகுத்துடும். எழுத்து உள்ள வெள்ளையாகி, ஓரம் மட்டும் கோடா நிக்கும். ரப்பர் ஸ்டாம்ப், தலைப்பு, ஃபோட்டோ இதெல்லாம் இப்படி குழல் மாதிரி வந்தா உடனே எண்ணை ஏத்துங்க. ரொம்ப பெருசா இருந்தா, போன் நிழல் மாதிரி ஓரம் வெட்டின நிழல் இருக்கிற இடத்துல சாம்பல் பட்டை ஒண்ணு மிச்சம் நிக்கும். அதுக்கு எண்ணை மாத்துறதை விட லைட்டை மாத்தி திரும்ப எடுக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

கோட்ல ஏன் சிவப்பை மட்டும் எடுத்தோம்? அதுதான் வெள்ளக் கறைக்கு வைத்தியம். கறை பரவின இடம் அகலமா இருக்கிறதால வகுத்தல்ல போயிடும். ஆனா தண்ணி நின்ன அந்தக் கோடு ஒரு மில்லிமீட்டர் அகலம்தான், புரோகிராமுக்கு அது பேனாக்கோடு மாதிரியே தெரியும். கலர் படத்துல சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு அடுக்கு இருக்கு இல்லையா? பழுப்புக் கறை சிவப்பு அடுக்குல கிட்டத்தட்ட தாள் மாதிரியே வெளுப்பா தெரியும். நீல மை அதே அடுக்குல நல்லா கருப்பா தெரியும். பென்சில் மூணுலயும் ஒரே மாதிரி. அதனால சிவப்பு அடுக்கை எடுத்தா கறைக்கோடு தானா மங்கிடும். GIMP-ல இதுக்கு Colors > Components > Extract Component.

ஆனா ஒரு எச்சரிக்கை. சிவப்பு மைல எழுதினது எல்லாம் இந்த அடுக்குல காணாமப் போயிடும். தாத்தா வருஷக் கடைசியில மொத்தத்தை மட்டும் சிவப்புல எழுதுவார். முதல் தடவை ஓட்டினப்போ மொத்தம் மட்டும் இல்லாத கணக்கு வந்தது. அந்தப் பக்கங்களுக்குப் பச்சை அடுக்கை எடுத்து (அந்த 2ஐ 1 ஆக்கினா போதும்) தனியா ஓட்டினேன். கறைக்கோடு கொஞ்சம் தெரிஞ்சது, தெரிஞ்சுட்டுப் போகட்டும்.

இந்த முறையால முடியாததும் ஒண்ணு இருக்கு. மெல்லிசு தாள்ல பின்பக்க எழுத்து தெரியுமே, அது போகாது. அதுவும் எழுத்து அகலம்தானே, மங்கலான எழுத்துன்னே புரோகிராம் நினைக்கும். ஸ்கேன் பண்றப்போவே தாளுக்கு அடியில ஒரு கருப்புச் சார்ட்டை வெச்சுடுங்க, பெருமளவு குறைஞ்சுடும்.

தமிழுக்கு மட்டும் ஒரு வம்பு

சுத்தம் பண்ற மென்பொருள் நிறைய 'தூசி நீக்கு'ன்னு இன்னொரு வசதி குடுக்கும். சின்னச் சின்னக் கரும்புள்ளிகளைத் தேடி அழிக்கும். இங்கிலீஷ்காரனுக்கு ஃபுல்ஸ்டாப்பும் ஐ மேல புள்ளியும் போனா பெருசா நஷ்டம் இல்லை, படிச்சுடுவான். நமக்குப் புள்ளிதான் மெய்யெழுத்தே. புத்தக எழுத்துல அது அரை மில்லிமீட்டர் வாக்குல இருக்கும். 300 டிபிஐல ஆறு புள்ளி அகலம், 100 டிபிஐல ரெண்டே ரெண்டு. மென்பொருளுக்கு அது தூசி. பல் பல ஆயிடும். ஒரு பல் போனா பல பல் போன மாதிரி :-)

ஓலைச்சுவடியில பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டாங்க. உ.வே.சா. காலத்துப் பதிப்பாசிரியர்கள் எது மெய், எது உயிர்மெய்னு இடம் பார்த்து ஊகிச்சு ஊகிச்சுத்தான் படிச்சாங்க. பெசன்ட் நகர்ல அவர் பேர்ல இருக்கிற நூலகத்துல அந்தச் சுவடிகள் இருக்கு. அவ்வளவு பாடுபட்டு அவங்க வெச்ச புள்ளியை நாம ஒரு பட்டன்ல அழிச்சு மறுபடி ஓலைக்குப் போறோம். கணக்கு நோட்டுல இன்னும் மோசம். ரூபாய்க்கும் பைசாவுக்கும் நடுவுல இருக்கிற புள்ளியும் தூசிதான். 12.50 வாங்கினவர் 1250 கடன்காரர் ஆயிடுவார்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. இந்திய மின்னூலகத் திட்டத்துல ஸ்கேன் ஆன பழைய தமிழ்ப் புத்தகங்களை இறக்கிப் பாருங்க. நான் இறக்கினதெல்லாம் சுத்தக் கருப்பு வெள்ளை. மை மங்கின பக்கத்துல புள்ளியும் கொம்பும் உடைஞ்சு கிடக்கு. அன்னிக்கு வட்டு இடத்துக்கு விலை அதிகம், கருப்பு வெள்ளைக் கோப்பு சின்னது, அதனால அப்படி செஞ்சதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா இன்னிக்கு அந்தப் பக்கங்களைத் திருத்தணும்னா நடுச் சாம்பல் அதுல இல்லவே இல்லை. புத்தகத்தைத் தேடித்தான் போகணும். புத்தகம் இருந்தா.

என்னோட தீர்ப்பு

"எழுத்து மட்டும் வேணும், மத்ததெல்லாம் குப்பை"ன்னு சொல்றப்போ, எது எழுத்துன்னு யார் முடிவு பண்றது? அந்தத் தாளை ஒரு தடவை கூடப் படிக்காத ஒரு பட்டன் முடிவு பண்ணக் கூடாது. என் தாத்தாவுக்கு டிக் மார்க்தான் எழுத்து. பேனா எழுத்து வெறும் முன்னுரை.

அதனால இப்ப நான் பண்றது இதுதான். கலர்ல எடுத்த மூலப்படத்தை எதுவும் செய்யாம ரெண்டு இடத்துல வெச்சுக்கிறேன். வகுத்து எடுத்த சாம்பல் படம் படிக்கிறதுக்கு. வெளுப்பு போதலைன்னா GIMP-ல Levels போய் வெள்ளை முனையை 255ல இருந்து 235 வரைக்கும் இறக்குவேன், அதுக்குக் கீழ போக மாட்டேன். 200க்கு இறக்கினா 204ல இருக்கிற பென்சில் செத்துடும். சுத்தக் கருப்பு வெள்ளை ஜெராக்ஸ் கடைக்காக மட்டும்.

முடிஞ்சதும் மூணு சோதனை. பக்கத்துல இருண்ட மூலை எதுவோ அதை மூலப்படத்தோட பக்கத்துல வெச்சுப் பார்க்கணும். ஏதாவது ஒரு வரியில புள்ளிகளை எண்ணி ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பார்க்கணும். இருக்கிறதுலேயே மங்கலான குறி ஒண்ணை, பென்சிலோ முத்திரையோ, முதல்லயே குறிச்சு வெச்சுக்கிட்டு அது பிழைச்சுதான்னு பார்க்கணும். மூணும் சரியா வர்ற வரைக்கும் அசல் தாள் வீட்டை விட்டு வெளிய போகக் கூடாது. வந்த பிறகும் போகக் கூடாதுங்கிறது என் சொந்தக் கருத்து.

ரெண்டாவது நோட்டு பிழைச்சுடுச்சு. அதுல டிக் இருக்கிற வரி 312, இல்லாதது 41. அம்மா கிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இந்த டிக்கைப் பாரு, மேல ஒரு சுழி சுழிப்பார், அப்பா கைதான்"னாங்க. அந்த சுழி 204 வெளிச்சத்துல இருந்தது.

முதல் நோட்டு வரிகளை எக்ஸெல்ல ஏத்திட்டேன். வரவு காலத்துல எல்லா வரிக்கும் 'தெரியவில்லை'ன்னு போட்டிருக்கேன். புராஜெக்ட்டுல சார் அதுக்கு மார்க் குறைச்சார். பரவாயில்லை, குறைக்க வேண்டியதுதான்.